சீட்டில் சரி, நோட்டில் தப்பு: −7 + 4 எப்படி −11 ஆகிறது?

கேள்வி: "ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். முழுக்களின் கூட்டலுக்குச் சீட்டுக்கட்டு கொண்டுபோய், கறுப்பு மிகை, சிவப்பு குறை என்று விளையாட வைத்தேன். விளையாடும்போது பிள்ளைகள் படபடவென்று சரியாகச் சொல்கிறார்கள். மறுநாள் நோட்டில் −7 + 4 கொடுத்தால் பாதிப் பேர் −11 என்கிறார்கள். முறை தப்பா, நான் நடத்தியது தப்பா?"

நாளை வகுப்புக்குப் போனதும் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். −11 எழுதிய பிள்ளைகளில் நாலு பேரைத் தனித்தனியாக அழைத்து, −7 + 4 என்று எழுதிய தாளைக் காட்டி, "இந்தக் கணக்குக்கு எந்தெந்தச் சீட்டை எடுப்பாய்?" என்று மட்டும் கேளுங்கள். விடை கேட்க வேண்டாம். பெரும்பாலும் அந்தப் பிள்ளை சிவப்பு ஏழையும் சிவப்பு நாலையும் எடுத்து வைக்கும். அதாவது அதன் கூட்டலில் குற்றமே இல்லை. இரண்டு சிவப்புச் சீட்டைக் கூட்டினால் −11தான். தாளில் இருந்ததை அது வேறு சீட்டாகப் படித்துவிட்டது, அவ்வளவுதான். முன்னால் நிற்கும் மைனஸைப் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டு, 7 + 4 ஐக் கூட்டி, அந்தக் கோட்டைத் தலையில் போட்டுவிட்டது.

முறையும் தப்பில்லை, நீங்கள் நடத்தியதும் பெரிய தப்பில்லை. நடத்தியது ஒரே திசையில் போயிருக்கிறது. கையில் இருக்கும் சீட்டைப் பார்த்து விடை சொல்லப் பழகியிருக்கிறார்கள். தாளில் இருக்கும் எழுத்தைப் பார்த்துச் சீட்டை எடுக்கப் பழகவில்லை. சீட்டில் நிறமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, மைனஸ் என்ற கோடு அங்கே எங்குமே இல்லை. நோட்டில் நிறம் இல்லை, கோடு மட்டும்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒழிய, விளையாட்டு ஒரு பாடமாகவும் நோட்டு வேறு பாடமாகவும் பிள்ளையின் தலையில் உட்கார்ந்துவிடும். நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுத்த பல வருஷங்களில் இதே இடத்தில் நானும் இரண்டு வருஷம் முட்டிக்கொண்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சோதனையில் எல்லாரும் இரண்டு சிவப்பை எடுக்க மாட்டார்கள். சில பிள்ளைகள் சிவப்பு ஏழு, கறுப்பு நாலு என்று சரியாகவே எடுத்துவிட்டு, மொத்தம் 11 அல்லது −11 என்பார்கள். அவர்களுடைய சிக்கல் வேறு. சிவப்பும் கறுப்பும் ஒன்றையொன்று அழிக்கும் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை, சீட்டில் இருக்கும் எண்ணைக் கூட்டுகிறார்கள். இன்னும் சிலர் 3 என்பார்கள். பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு படித்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, யார் ஜெயித்தார்கள் என்று பார்க்க மறந்தவர்கள் அவர்கள். தப்பான விடை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைக் காட்டுகிறது. எல்லாருக்கும் சேர்த்து "ஒத்த குறி என்றால் கூட்டு, வேறு குறி என்றால் கழித்துப் பெரியதன் குறியைப் போடு" என்று விதியை மறுபடி எழுதிப்போட்டால், முதல் வகைப் பிள்ளைக்கு அது ஒரு உதவியும் செய்யாது. அவன் அந்த விதிப்படிதான் −11 போட்டிருக்கிறான். ஒத்த குறி என்று நினைத்தான், கூட்டினான்.

இரண்டாவது வகையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது அடித்தளம். சீட்டுக்கட்டுக்கு முன்னால் இரண்டு பீரியடு புளியங்கொட்டைக்கு ஒதுக்குவேன். ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளை தெரிய வைத்த கொட்டை, தாயம் ஆடுகிற வீட்டில் கேட்டால் கிடைக்கும். (பிள்ளைகளையே தேய்த்துக்கொண்டு வரச் சொல்லலாம். ஆனால் வகுப்பில் தேய்க்க விடாதீர்கள். தேய்த்த சூட்டோடு பக்கத்துப் பையன் கையில் வைத்துவிடுவார்கள்.) வெள்ளை ஒன்று +1, கறுப்பு ஒன்று −1. பத்துக் கொட்டையைக் குலுக்கிப் போட வேண்டும். ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் ஜோடி சேர்ந்தால் பூச்சியம், அந்த ஜோடியை ஒதுக்கிவிட்டு மிச்சம் என்ன என்று எழுத வேண்டும். ஆறு வெள்ளை நாலு கறுப்பு விழுந்தால் 2. மூன்று வெள்ளை ஏழு கறுப்பு விழுந்தால் −4. இருபது தடவை போட்ட பிறகு ஏதாவது ஒரு பிள்ளை, "சார், ஒற்றைப்படையே வரமாட்டேங்குது" என்று சொல்லும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஒரு கொட்டையைத் திருப்பிப் போட்டால் மொத்தம் இரண்டு மாறும், ஒன்று மாறாது. ஆகையால் பத்துக் கொட்டையில் 3 வரவே வராது. பதினொன்றாக்கினால் இரட்டை வராது. இதைத் தாங்களே கண்டுபிடிக்கும் பிள்ளைகளுக்கு −1 என்பது கையில் தொட்டுப் பார்க்கிற பொருளாகிவிடுகிறது.

இந்த இரண்டு பீரியடில் ஒரே ஒரு விஷயம் உறைத்தால் போதும்: −3 என்பதற்கு ஒரே படம் இல்லை. மூன்று கறுப்புக் கொட்டை −3. ஐந்து கறுப்பும் இரண்டு வெள்ளையும் −3. பத்துக் கறுப்பும் ஏழு வெள்ளையும் −3. காலி மேசையும் பூச்சியம், மூன்று கறுப்பு மூன்று வெள்ளை கிடக்கும் மேசையும் பூச்சியம். "ஆறு கொட்டை இருக்கே, எப்படிப் பூச்சியம்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தக் கேள்வியை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு என்று அது அப்போதுதான் உரசிப் பார்க்கிறது. பின்னால் கழித்தல் வரும்போது இந்த ஒன்றைத்தான் நம்பியிருக்கப் போகிறோம்.

ஒரு எச்சரிக்கை. கொட்டையில் கறுப்புப் பக்கம் குறை, சீட்டில் கறுப்பு மிகை என்று இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். நான் கொட்டையில் கறுப்பு என்ற சொல்லையே விட்டுவிட்டு, "வெள்ளை", "தோல்" என்று சொல்லப் பழக்கினேன். தோல் என்றால் குறை. எந்த நிறம் எதற்கு என்பது வெறும் ஏற்பாடுதான். சீனாவில் மூன்றாம் நூற்றாண்டில் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற கணக்கு நூலுக்கு உரை எழுதிய லியு ஹுய், கணக்குக் குச்சிகளில் சிவப்பை மிகைக்கும் கறுப்பைக் குறைக்கும் வைக்கச் சொல்கிறார். நாம் வைப்பதற்கு நேர் எதிர். நம்முடையது கணக்குப் புத்தகத்தில் நஷ்டத்தைச் சிவப்பு மையில் எழுதும் வழக்கத்திலிருந்து வந்தது. இந்தச் சீனக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லலாம், அவர்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் முதல் வாரம் வேண்டாம், நிறம் நன்றாகப் படிந்த பிறகு சொல்லுங்கள்.

சரி, இப்போது சீட்டுக்கு வருவோம். சீட்டுக்கட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஆர்டின் ஏழில் 7 என்ற இலக்கமும் இருக்கிறது, ஏழு ஆர்டின் படமும் இருக்கிறது. கொட்டைக்கும் எழுத்துக்கும் நடுவில் நிற்கிற பாலம் அது. ஆகவே முதல் நாள் சிவப்பு ஏழை மேசையில் வைத்து, அதோடு கறுப்பு நாலு சேர்கிறது என்றால், ஏழு ஆர்டினில் நாலின்மேல் நாலு கொட்டையை வைத்து மறைக்கச் சொல்வேன். மூன்று சிவப்பு மறையாமல் நிற்கிறது. −3. "கறுப்பு நாலு எங்கே போச்சு?" என்று கேட்டால், "நாலு சிவப்பைக் கூட்டிக்கிட்டுப் போச்சு" என்பார்கள். ஒரு சங்கடம் மட்டும் உண்டு. சீட்டின் மூலைகளில் இலக்கத்துக்குக் கீழே குட்டிப் படம் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். சில பிள்ளைகள் அதையும் சேர்த்து எண்ணி ஏழை ஒன்பதாக்கிவிடுவார்கள். முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

ஜாக்கி, ராணி, ராஜா மூன்றையும் எடுத்துவிட்டால் நாற்பது சீட்டு மிஞ்சும், ஏஸ் ஒன்று. கறுப்புச் சீட்டுகளின் மொத்தம் 110, சிவப்பின் மொத்தம் −110. கட்டு முழுவதும் சேர்த்தால் பூச்சியம். இந்த ஒரு உண்மையை வைத்துத்தான் என் விளையாட்டே ஓடுகிறது. ஆரம்பத்தில் நாற்பதும் வேண்டாம். ஏஸிலிருந்து ஐந்து வரை இருபது சீட்டு போதும், அதுவும் மொத்தம் பூச்சியம்தான். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒவ்வொருவரும் தன் கையின் மதிப்பை எழுதி நடுவில் வைக்க வேண்டும். நாலு பேர் மதிப்பையும் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் யாரோ தப்பு. வாத்தியார் திருத்த வேண்டியதே இல்லை.

ஒரு ஆட்டத்தைப் பார்ப்போம். முதல் பிள்ளையிடம் கறுப்பில் 5, 2, சிவப்பில் 4, 4, 1. கறுப்பு ஏழு, சிவப்பு ஒன்பது, ஆக −2. இரண்டாவது பிள்ளையிடம் கறுப்பில் 3, 3, 1, சிவப்பில் 5, 2. ஏழும் ஏழும் அடிபட்டு 0. மூன்றாவது பிள்ளையிடம் கறுப்பில் 5, 4, 4, சிவப்பில் 3, 1. பதின்மூன்றில் நாலு போய் 9. நாலாவதிடம் கறுப்பில் 2, 1, சிவப்பில் 5, 3, 2. மூன்றும் பத்தும், −7. நாலையும் கூட்டினால் −2 + 0 + 9 − 7 = 0. கணக்கு மூடியது.

இப்போது முதல் பிள்ளை −2 க்குப் பதில் 2 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4 வருகிறது. குறி மாறினால் தப்பு எப்போதும் இரண்டு மடங்காக வரும், ஏனென்றால் −2 இல்லாமல் போனது மட்டுமல்ல, 2 கூடுதலாகவும் வந்துவிட்டது. ஆகவே 4 இல் பாதி 2, 2 என்று எழுதியவர் யார் என்று தேடலாம். அல்லது யாராவது ஒரு சிவப்பு இரண்டைக் கறுப்பு என்று எடுத்திருக்கலாம், அதுவும் இதே 4 ஐத்தான் தரும். ஆக இரண்டு சந்தேகங்கள், இரண்டையும் பார்த்தால் போதும். தப்பு ஒற்றைப்படையில் வந்தால் நிறம், குறி இரண்டும் மட்டும் காரணமாக இருக்க முடியாது, எங்கேயோ எண்ணுவதில் கோட்டை விட்டிருக்கிறார்கள். என் வகுப்பில் பிள்ளைகள் சில நாளில் இதைப் போலீஸ் வேலைபோலச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அதில் நடக்கிற சண்டைதான் நான் தருகிற எந்த வீட்டுப்பாடத்தையும்விட நல்ல பயிற்சி. ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மொத்தம் பூச்சியம் வந்துவிட்டால் எல்லாரும் சரி என்று அர்த்தம் இல்லை. ஒருவர் இரண்டு கூட்டியும் இன்னொருவர் இரண்டு குறைத்தும் எழுதினால் தப்பு இரண்டும் ஒன்றையொன்று மூடிவிடும். அபூர்வம்தான், ஆனால் நடக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏறக்குறைய நீங்கள் ஏற்கெனவே செய்ததுதான். உங்கள் −11 க்கு மருந்து இனிமேல்தான் வருகிறது. ஆட்டத்தின் முடிவில் மட்டும் எழுத விடாதீர்கள். ஒவ்வொரு சீட்டும் கைக்கு வர வர ஒரு வரி எழுத வேண்டும். கறுப்பு நாலு வந்தால் 4. சிவப்பு ஏழு வந்தால் 4 + (−7) = −3. அடுத்துக் கறுப்பு இரண்டு வந்தால் −3 + 2 = −1. முதல் நாள் சிவப்புச் சீட்டின் எண்ணைச் சிவப்புப் பேனாவில் எழுதலாம். இரண்டாம் நாள் ஒரே பேனா, குறி மட்டும். நிறம் போன இடத்தில் மைனஸ் வந்து உட்காருவதைப் பிள்ளை தன் கையாலேயே செய்ய வேண்டும்.

அப்புறம் எதிர்த்திசை. தாளில் ஒரு கணக்கைக் கொடுத்து, விடை போடாமல் சீட்டை மட்டும் அடுக்கச் சொல்லுங்கள். இதற்கு நான் ஒரு பென்சில் கோட்டுப் பழக்கம் வைத்திருந்தேன். 5 − 3 − 6 + 2 என்று இருந்தால், ஒவ்வொரு குறிக்கும் முன்னால் ஒரு செங்குத்துக் கோடு: 5 | −3 | −6 | +2. இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பது ஒரு சீட்டு. குறி எப்போதும் தனக்குப் பின்னால் வரும் எண்ணோடு மட்டும்தான் ஒட்டியிருக்கும். முன்னால் குறியே இல்லாத எண் கறுப்பு. ஆக கறுப்பு ஐந்து, சிவப்பு மூன்று, சிவப்பு ஆறு, கறுப்பு இரண்டு. கறுப்பு ஏழு, சிவப்பு ஒன்பது, −2. இதே கோட்டை −7 + 4 இல் போட்டால் −7 | +4. மைனஸ் கோட்டைத் தாண்டி நாலின்மேல் ஏற முடியாது என்பது கண்ணுக்கே தெரியும். உங்கள் −11 பிள்ளைகளுக்கு இந்த ஒரு கோடு, இருபது கணக்கு, ஒரு பீரியடு என்று கொடுத்துப் பாருங்கள். கூடவே ஒரு நல்ல விளைவும் உண்டு: சீட்டை எந்த வரிசையில் அடுக்கினாலும் கையின் மதிப்பு ஒன்றுதான், ஆகையால் −7 + 4 உம் 4 − 7 உம் ஒன்று என்பதைப் பிள்ளைகள் கேட்காமலே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு புத்திசாலிப் பிள்ளை தடுத்துக் கேட்கும், கேட்க வேண்டும்: "சார், 5 − 3 இல் இருக்கிறது கழித்தல் இல்லையா? ஒண்ணாம் கிளாஸிலிருந்து மைனஸ்னா எடுக்கிறதுன்னு சொன்னீங்க, இப்ப சிவப்புச் சீட்டுங்கிறீங்க." நியாயமான கேள்வி. ஒரே கோடு இரண்டு வேலை பார்க்கிறது, அதை மறைத்துவிட்டுப் போவதுதான் பிறகு வரும் பல குழப்பங்களுக்கு வேர். ஐந்து வெள்ளைக் கொட்டையை வையுங்கள். மூன்றை எடுத்துவிட்டால் இரண்டு. மறுபடி ஐந்து வெள்ளை, இந்தத் தடவை எதையும் எடுக்காமல் மூன்று தோலைச் சேருங்கள். ஜோடிகள் அழிந்து அதே இரண்டு. மூன்றை எடுப்பதும், மைனஸ் மூன்றைச் சேர்ப்பதும் வெவ்வேறு செயல், முடிவு மட்டும் ஒன்று. இதை ஏழெட்டுத் தடவை வெவ்வேறு எண்ணில் செய்து பார்க்கச் சொன்ன பிறகுதான் பென்சில் கோட்டுக்கு அதிகாரம் வருகிறது. அதற்கு முன்னால் கோடு போடச் சொன்னால் அதுவும் இன்னொரு மந்திரம் ஆகிவிடும்.

பென்சில் கோடு நிற்கிற இடமும் உண்டு. 3 − (−5) வந்தால் இரண்டு குறி பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, கோட்டை எங்கே போடுவது? இங்கே சீட்டை எடுப்பது என்றே போக வேண்டும். கையில் கறுப்பு மூன்று இருக்கிறது. அதிலிருந்து சிவப்பு ஐந்தை எடுக்க வேண்டும், ஆனால் கையில் சிவப்பே இல்லை. ஆகவே கறுப்பு ஐந்தையும் சிவப்பு ஐந்தையும் ஜோடியாக உள்ளே கொண்டுவா. சேர்த்தது பூச்சியம், கையின் மதிப்பு மாறவில்லை, இன்னும் 3 தான். இப்போது சிவப்பு ஐந்து கையில் இருக்கிறது, எடுத்துவிடு. மிச்சம் கறுப்பு மூன்றும் கறுப்பு ஐந்தும், 8. "பூச்சியத்துக்குப் பல படம் உண்டு" என்று கொட்டையில் உறைத்த பிள்ளைக்கு இது இயல்பாக இருக்கும். உறைக்காத பிள்ளைக்கு வாத்தியார் ஏதோ கையை மறைத்து வித்தை காட்டுவதுபோல இருக்கும். அப்படி முகம் தெரிந்தால் கழித்தலை நிறுத்திவிட்டுக் கொட்டைக்குத் திரும்புங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. வேறு ஒரு வழியும் கைகொடுக்கிறது. கையில் கறுப்பு எட்டும் சிவப்பு ஐந்தும் இருக்கும் பிள்ளையிடம் (மதிப்பு 3) பக்கத்துப் பிள்ளை சிவப்பு ஐந்தைப் பிடுங்கிக்கொள்ளட்டும். கை 8 ஆகிவிடும். கெட்டது போனால் நல்லது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

இனி எனக்கு அவ்வளவு உறுதியில்லாதவை. கடன் கதை நல்லதா என்று பலர் கேட்பார்கள். கி.பி. 628 இல் பிரம்மகுப்தர் மிகையைத் தனம் என்றும் குறையை ருணம், அதாவது கடன், என்றும் வைத்து, தனமும் கடனும் சேர்ந்தால் வித்தியாசம், சமமாக இருந்தால் பூச்சியம் என்று எழுதினார். ஆகவே கதை பழையது, பொருத்தமானது. ஆனாலும் நான் அதைக் குறைவாகத்தான் பயன்படுத்தினேன். "ஏழு ரூபாய் கடன், நாலு ரூபாய் கையில்" என்றால் பிள்ளைகள் சரியாகவே சொல்கிறார்கள். "கடனைக் கழி" என்று போனதும் கதை தடுமாறுகிறது, யார் கழித்தார்கள், ஏன் கழித்தார்கள் என்று வேறு பக்கம் இழுக்கிறது. அதோடு, வீட்டில் வட்டிக்காரர் வந்து நிற்கிற பிள்ளைக்குக் கடன் ஒரு உதாரணம் இல்லை. இது என் மனப்பாங்கு, உங்கள் வகுப்பில் வேறாக இருக்கலாம்.

எண்கோடு வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் அதே நாளில் வேண்டாம் என்பேன். சீட்டில் −7 என்பது ஒரு பொருள், எண்கோட்டில் அது ஒரு இடம், +4 ஒரு நடை. இரண்டும் ஒரே விடைக்குப் போனாலும் யோசனை வேறு. சீட்டுக்கு முடியாத ஒன்றை எண்கோடு செய்கிறது: −8 பெரியதா −3 பெரியதா? எட்டுச் சிவப்பு வைத்திருக்கும் பிள்ளை தன்னிடம் நிறைய இருப்பதாகத்தான் நினைக்கும். சீட்டு விளையாடி முடித்த வகுப்பில் "−8 > −3" என்று எழுதுகிறவர்கள் கூடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் ஒப்பிடுதலைச் சீட்டில் தொடவே தொடாதீர்கள். அதேபோல் இரண்டு குறை எண்களைப் பெருக்குவதையும். பூச்சியத்திலிருந்து மூன்று சிவப்பை இரண்டு தடவை எடு, ஆகவே 6 என்று சொல்லிக் காட்டலாம்தான். ஆனால் அதற்குள் சீட்டைவிடச் சொல்லுகிற கதை நீளமாகிவிடுகிறது. பின்னம், தசமம் வந்தால் சீட்டு முழுவதும் கைவிட்டுவிடும்.

சீட்டுக்கட்டைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் முணுமுணுப்பு வரும், அதையும் எதிர்பாருங்கள். ஒரு தடவை ஒரு பிள்ளையின் தாத்தா, "பள்ளிக்கூடத்திலேயே சூதாட்டமா?" என்று வந்து நின்றார். உட்கார வைத்து ஆளுக்கு ஐந்து சீட்டு போட்டுக் காட்டினேன், சிரித்துக்கொண்டே போனார். எல்லாத் தாத்தாவும் சிரிக்க மாட்டார்கள். சார்ட் அட்டையை வெட்டி 1 முதல் 5 வரை புள்ளி வைத்து, நாற்பது பைசா பெறாத கட்டுகளைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லலாம். அப்படிச் செய்யும்போது நிறத்தை மட்டும் நம்பாமல் மூலையில் + அல்லது − போட்டுவிடுங்கள். சில பிள்ளைகளின் கண்ணுக்கு அடர்ந்த சிவப்பு கறுப்பாகவே தெரியும், அது அவர்களுக்கே தெரியாமல் இருக்கும். கடைச் சீட்டிலாவது ஆர்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று வடிவம் காட்டிக்கொடுக்கும், வெறும் புள்ளி காட்டிக்கொடுக்காது.

சீட்டை எப்போது பையில் போடுவது என்று கேட்டீர்களானால், −38 + 15 என்று ஒன்று எழுதிப்போடுங்கள். கட்டில் 38 கிடையாது, எடுத்து அடுக்க வழியில்லை. "சிவப்பு நிறைய, பதினஞ்சு அழிஞ்சு போச்சு, இருபத்திமூணு சிவப்பு மிச்சம்" என்று பிள்ளை வாய்க்குள் சொல்லிக்கொண்டு −23 எழுதினால் அந்தப் பிள்ளைக்குச் சீட்டு இனி வேண்டாம். மேசையைத் தடவிக்கொண்டு சீட்டைத் தேடினால் இன்னும் இரண்டு நாள் கொடுங்கள். −53 வந்தால் மறுபடி தாளையும் பென்சிலையும் கொடுத்து, கோட்டை எங்கே போடுவாய் என்று கேளுங்கள்.